செல்ப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லையா? சைடு ஸ்டாண்டு சுவிட்சைப் பாருங்கள்

வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாள் காலை என் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவே இல்லை. பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, அது செத்திருந்தால் செல்ப் இப்படிச் சுற்றாது.

பிரேக் லிவர் சுவிட்சும் பெரும்பாலும் இதற்குக் காரணமில்லை. லிவரைப் பிடித்தால்தான் செல்ப் ரிலேவுக்குக் கரன்ட் போகும். அந்த சுவிட்ச் போனால் செல்ப் சத்தமே வராது, பின்னால் பிரேக் லைட்டும் எரியாது. அப்போதும் கிக்கர் உள்ள வண்டி உதைத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். செல்ப், கிக்கர் இரண்டிலும் பிடிக்கவில்லை என்றால் தகராறு வேறு இடத்தில்.

முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். கில் சுவிட்ச் இருந்தால் அது ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், எனக்கே நடந்திருக்கிறது). அப்புறம் சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். மடக்கிய பிறகும் மீட்டரில் ஸ்டாண்டு விளக்கு எரிந்தால் சுவிட்ச் சிக்கியிருக்கிறது. என் வண்டியில் அதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: சில மாடல்களில் ஸ்டாண்டு கீழே இருந்தால் செல்ப்பே சுற்றாது; சிலவற்றில் செல்ப் சுற்றும், ஸ்பார்க் மட்டும் வராது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று நல்லபடி ஓடும் நாளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரகம் என்றால், செல்ப் சுற்றும்போது இந்த சுவிட்சை விட்டுவிடலாம்.

இப்போது சாவியை அணைத்துவிட்டு ஸ்டாண்டின் திருகாணிப் பக்கம் டார்ச் அடியுங்கள். சேறு அப்பியிருக்கும். பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, ஸ்டாண்டைப் பத்துப் பதினைந்து முறை இறக்கி ஏற்றுங்கள். முளை போன்ற பொத்தான் உள்ள சுவிட்சாக இருந்தால் அது தானாக வெளியே வர வேண்டும். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லையா? ஒயரைப் பின்தொடர்ந்து கப்ளரைக் கழற்றுங்கள். உள்ளே பச்சைப் பாசி போல் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். இரண்டு ஒயர் சுவிட்ச் என்றால் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து சுவிட்ச் பக்கத்து முனைகளைத் தொடுங்கள். ஸ்டாண்டின் ஒரு நிலையில் பீப் வர வேண்டும், மறு நிலையில் வரக்கூடாது. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் சுவிட்ச் போய்விட்டது, மாற்றுங்கள். மூன்று ஒயர் என்றால் அது காந்த சென்சாராக இருக்கலாம். பீப் சோதனை உதவாது. அதில் ஒயர்களை முறுக்கி இணைத்துப் பார்க்கவும் வேண்டாம், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியு போகக்கூடும்.

சோதனைக்கு நடுவே செல்ப்பை ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள், பத்து நொடி இடைவெளி விடுங்கள். சுவிட்ச் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி பெட்ரோல் பம்ப் முனகும். அது கேட்காவிட்டால் ஃபியூஸ், பம்ப் பக்கம் போக வேண்டும். கேட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

சில மெக்கானிக்குகள் ஒயரை நேரடியாக இணைத்து அனுப்பிவிடுவார்கள். நான் சம்மதிக்கவில்லை. மடக்க மறந்த ஸ்டாண்டு, இடப்பக்கம் திரும்பும்போது தரையில் தட்டி வண்டியையே கவிழ்த்துவிடும்.