பெர்லினுக்கு வியாழக்கிழமை ராத்திரி போய் இறங்காதீர்கள்

ஒரு செமஸ்டர் மட்டும் படிக்க பெர்லின் போகிறவர்கள் முதல் தவறை விமான டிக்கெட் போடும்போதே செய்துவிடுகிறார்கள். விலையைப் பார்க்கிறார்கள், கிழமையைப் பார்ப்பதில்லை.

2025 அக்டோபரையே எடுத்துக்கொள்வோம். மாணவர் விடுதி அறை ஒப்பந்தம் 1ஆம் தேதி தொடங்குகிறது. மலிவாகக் கிடைத்ததென்று 2ஆம் தேதி, வியாழன் இரவு வந்து சேரும் விமானத்தில் ஒருவர் வருகிறார். சாவி 'ஹவுஸ்மைஸ்டர்' எனப்படும் கட்டடப் பொறுப்பாளரிடம் இருக்கும். பெரும்பாலும் அவர் வேலை நாட்களில், அதுவும் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் இருப்பார். மறுநாள் வெள்ளி, அக்டோபர் 3, ஜெர்மனி இணைந்த நாள் விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. ஆக, சாவி கையில் வருவது திங்கட்கிழமை. அதுவரை நான்கு இரவு வெளியே வேறொரு ஹாஸ்டலில் தங்கும் வாடகை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். விடுமுறையன்றும் ஞாயிறன்றும் சூப்பர் மார்க்கெட்டுகளும் மூடியிருக்கும். அவசரத்துக்கு மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கைகொடுக்கும்.

திங்கள் முதல் புதனுக்குள், காலையில் இறங்குவதுபோல் டிக்கெட் போடுங்கள். சாவி தரும் நேரத்தை மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போர்வை, தலையணை அறையில் இருக்குமா என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பல விடுதிகளில் கட்டிலும் மெத்தையும் மட்டும்தான்.

அடுத்த தவறு விமான நிலைய ரயிலில். பெர்லின் கட்டண மண்டலங்கள் ஏ, பி, சி என மூன்று. நகரம் ஏ, பி. விமான நிலையம் சி. ஏபி டிக்கெட் எடுத்து ஏறினால் அது செல்லாது. சரி, ஏபிசி டிக்கெட்டே எடுத்தாலும், காகித டிக்கெட்டில் நேர முத்திரை இல்லையென்றால் நடைமேடையில் உள்ள சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். அபராதம் 60 யூரோ. ஊருக்குப் புதிது என்று சொல்லிப் பயனில்லை.

பல்கலைக்கழகத்தின் அறிமுக நாளை ஊர் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சி என்று நினைத்துத் தூங்கிவிடுகிறவர்களும் உண்டு. மாணவர் பதிவில் பாக்கி இருப்பதை அங்கேதான் முடிப்பார்கள். பதிவு முடிந்த பிறகுதான் செமஸ்டர் பயணச்சீட்டு வரும். அது தெரியாமல் முதல் நாளே மாதாந்திரப் பயணச்சீட்டான 'டாய்ச்லாண்ட்டிக்கெட்' வாங்குகிறார்கள். அது சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடிப்பார்கள். 2025இல் அது 58 யூரோ.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அதே ஹவுஸ்மைஸ்டரின் அடுத்த வேலை நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.