டிப் கணக்கும் மீட்டர் கணக்கும்: பெட்ரோல் குறைவதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பங்கில் தினக்கணக்கு பார்க்கிறேன். அங்கே பயன்படுத்தும் முறை இது. டிப் ஸ்டிக் பிடிப்பதும் டிப் சார்ட் பார்ப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

காலை ஷிப்ட் மாறும்போது விற்பனையை நிறுத்திவிட்டு, டிப்பையும் எல்லா நாசில் மீட்டர்களையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கார் நிரப்பிப் போனால்கூட கணக்கு இடிக்கும். எக்செலில் B ஆரம்ப டிப், C லோடு, D மீட்டர் விற்பனை, E டேங்கில் திருப்பி ஊற்றிய டெஸ்டிங், F முடிவு டிப். எல்லாம் லிட்டரில். G அன்றைய வித்தியாசம், H அதுவரையான வித்தியாசங்களின் கூட்டல்.

```
G2: =F2-(B2+C2-D2+E2)
H2: =SUM(G$2:G2)
```

உதாரணமாக, ஆரம்பம் 9,200, லோடு இல்லை, மீட்டர் 3,460, நான்கு நாசில் டெஸ்டிங் 20. இருக்கவேண்டியது 5,760. டிப் காட்டுவது 5,728. அதாவது 32 லிட்டர் குறைவு.

இதைப் பார்த்ததும் பையன்களைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. 20,000 லிட்டர் டேங்கில் பாதியளவு இருக்கும்போது ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 12 லிட்டர். ஸ்டிக்கை மூன்று மில்லிமீட்டர் தப்பாகப் படித்தாலே 32 லிட்டர் போய்விடும். அதனால்தான் H முக்கியம். இன்றைய முடிவு டிப்தான் நாளைய ஆரம்பம் என்பதால், நடுவில் படித்த பிழைகள் கூட்டலில் அடித்துக்கொண்டு போகும். முதல் டிப், கடைசி டிப் பிழை மட்டுமே மிஞ்சும்.

அந்த வாரம் G-யில் வந்தவை: -32, +9, -41, -12, -38, -6. கூட்டினால் -120. ஆறு நாள் விற்பனை 20,600 லிட்டர், எனவே குறைவு 0.6 சதவீதத்துக்குப் பக்கம். லோடு இறங்கிய நாளில் மட்டும் H சரிந்திருந்தால் லாரியைச் சந்தேகிப்பேன். இங்கே விற்பனையோடு சேர்ந்தே சரிந்தது. சரி, நாசிலைப் பார்ப்போம் என்று 5 லிட்டர் அளவையில் பிடித்தோம். இரண்டு நாசில்கள் தலா 60 மி.லி. கூடுதலாக ஊற்றின. அனுமதி 25 மி.லி.தான். உடனே அந்த இரண்டையும் நிறுத்தி, கம்பெனி சர்வீஸ் ஆளையும் எடையளவு ஆய்வாளரையும் வரவழைத்துச் சரிசெய்து முத்திரை வைத்தார்கள். சீலை நீங்களே தொடாதீர்கள்.

நாசில் சரியாக இருந்தால், இரவு பங்க் மூடியதும் ஒரு டிப், காலையில் விற்பனைக்கு முன் ஒரு டிப். விற்காமலே குறைந்தால் கசிவு.

ஆட்டோமேஷன் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் கையால் டிப் எடுப்பதே என் விருப்பம்.

பின்சேர்க்கை: லோடு நாளில் மட்டும் குறைகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வெயிலில் வந்த பெட்ரோல் தரைக்கடியில் குளிர்ந்தால் சுருங்கும். 12,000 லிட்டர் 5 டிகிரி குளிர்ந்தாலே 70 லிட்டர் வரை குறையும். இறக்குவதற்கு முன் லாரியின் வெப்பநிலையையும் டென்சிட்டியையும் குறித்துவைத்துக்கொண்டு, சுருங்கிய அளவைக் கழித்தபிறகு சண்டைக்குப் போங்கள்.