சுற்றி வரும் காசை விற்பனை என்று எண்ணாதீர்கள்

கிளைகளில் புதிதாகக் கடன் கோப்புப் பார்க்க வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். நடைமுறைக் கணக்கின் கூற்றில் மொத்த வரவைக் கூட்டி, அதையே மாதப் புரள்வு என்று எழுதிவிடுவதுதான் நாம் அடிக்கடி விடும் பிழை. நானும் ஒருமுறை அப்படி எழுதியிருக்கிறேன்.

திருகோணமலையில் மீன் வாங்கிப் பேலியகொடைக்கு ஏற்றும் வியாபாரி ஒருவர் கடன் கேட்டு வந்தார். யூலை முதல் டிசெம்பர் வரை மாதம் தவறாமல் 60 இலட்சத்துக்குக் கிட்ட வரவு. அந்த ஒழுங்குதான் முதலில் உறுத்தியிருக்க வேண்டும். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மார்கழியிலும் வரவு குறையவில்லை என்றால் அது மீன் விற்ற காசாக இருக்க முடியுமா?

யூலைக் கூற்றை வரி வரியாகப் பார்த்தேன். 3ஆம் திகதி ஒரு ஹாட்வெயார் கடையிலிருந்து 9.5 இலட்சம் வருகிறது. மறுநாளே 9.45 இலட்சம், இரண்டு துண்டாக, ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்குப் போகிறது. 10ஆம் திகதி அதே கடையிலிருந்து 9.4 இலட்சம். ஒரே காசு வெளியே போய்த் திரும்பி வருகிறது. இப்படி நான்கு சுற்று, ஏறக்குறைய 38 இலட்சம். தொகை சதம் பிசகாமல் ஒத்துவர வேண்டும் என்று தேடினால் இது கண்ணில் படாது. துண்டாக்கியும் கொஞ்சம் குறைத்தும்தான் அனுப்புவார்கள். நாள் முடிவு மீதியைப் பாருங்கள். பெரிய வரவு வந்த மறுநாளே மீதி பழைய இடத்துக்கு இறங்கியிருக்கும்.

சுற்றைக் கழித்தால் யூலையில் 62 இலட்சம் 24 ஆகிறது. டிசெம்பரில் மிஞ்சியது 11. மீன் குறையக் குறையச் சுற்று கூடியிருக்கிறது.

ஆனால் திரும்பி வரும் காசெல்லாம் களவு என்று முடிவெடுப்பதும் பிழைதான். படகுக்காரருக்குக் கொடுத்த முற்பணம் திரும்பலாம், காசோலை மறுக்கப்பட்டு வரவு மீளப் பதியப்படலாம். அதனால் சரக்கைத் தேடினேன். கிலோ சராசரி 1,200 ரூபா என்று வியாபாரியே சொன்னார். அந்தக் கணக்கில் 62 இலட்சத்துக்கு 5,000 கிலோவுக்கு மேல் மீன் போயிருக்க வேண்டும். லொறிப் பற்றுச்சீட்டுகளோ யூலையில் நான்கு பயணம், பயணத்துக்கு ஏறக்குறைய 500 கிலோ என்றன. 2,000 கிலோ என்றால் 24 இலட்சம். கழித்து எடுத்த தொகையும் லொறியில் போன எடையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

வட்டம் முழுவதும் நமது கூற்றில் தெரியாது. லொறி நிறுவனத்திலிருந்து ஹாட்வெயார் கடைக்குக் காசு போகும் துண்டு வேறொரு வங்கியில் இருக்கும். கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கை கடன்களைக் காட்டும், இந்த வரவு செலவைக் காட்டாது. எனவே இரண்டு நிறுவனங்களின் உரிமையாளர் பெயரையும் பதிவுப் பத்திரத்தில் பாருங்கள். உறவு தெரிந்தால் அவர்களது கூற்றையும் கேளுங்கள். இங்கே கடை மைத்துனருடையது, லொறி மருமகனுடையது. கூற்றுகள் வந்தபோது விடுபட்ட துண்டும் இருந்தது. ஆறு மாதமும் சுற்றைக் கழித்துச் சராசரி 18 இலட்சம் என்று கோப்பைத் திருத்தி எழுதினேன்.