காந்தள் கந்தலாகக் கூடாது: சங்கப் பெயரில் ஐடி வைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

சின்னத் தொழில் செய்பவர்களுக்குப் பெயர்ப்பலகை, பை, லேபிள் எல்லாம் எழுத்து வரைந்து கொடுப்பது என் வேலை. கொஞ்ச காலமாக வருகிறவர்கள் கையோடு ஒரு பழைய தமிழ்ச் சொல்லையும் கொண்டுவருகிறார்கள். குறிஞ்சி, நெய்தல், காந்தள், இளவேனில் என்று ஏதாவது ஒன்று. கடைப் பெயரும் அதுதான், இன்ஸ்டாகிராம் ஐடியும் அதுதான். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், அதனால்தான் ஒவ்வொருவரும் அதே இடத்தில் சறுக்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பெயரை ஏற்கெனவே யாராவது எடுத்துவிட்டார்களா என்று தேடாமல் இருப்பது, எழுத்துப்பிழையோடு அச்சடிப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தமிழில் தேர்ந்தெடுத்துவிட்டு ஆங்கில எழுத்தில் தொலைப்பது

இருப்பதிலேயே காசு தின்னும் தவறு இதுதான். இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவதும் இதுதான்.

இன்ஸ்டாகிராமோ எக்ஸ் தளமோ, ஐடியைத் தமிழ் எழுத்தில் வைக்க விடுவதில்லை. அதனால் நாம் ஆசையாகத் தேடிப் பிடித்த சொல் எப்படியும் ஆங்கில எழுத்துக்குள் போயாக வேண்டும். அங்கே குறில் நெடில் வேறுபாடு மங்கிவிடும். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். தகரத்தை ஒருவர் th என்பார், இன்னொருவர் dh என்பார், மூன்றாமவர் வெறும் d போடுவார். தமிழில் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்தப் பக்கத்தை யோசிப்பதே இல்லை.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் தோழி ஒருத்தி தன் கடைக்குக் காந்தள் என்று பெயர் வைத்தாள். நல்ல தேர்வுதான். செங்காந்தள் நம் மாநில மலர். அந்தத் திண்டுக்கல் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுவதும் அதே செடிதான். சுங்குடியின் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அந்தப் பூவின் நிறம் அப்படியே பொருந்தும். ஐடியை `kanthal_sarees` என்று பதிவு செய்தாள். கட்டைப்பை, விசிட்டிங் கார்டு, பார்சல் ஸ்டிக்கர் எல்லாம் அச்சாகி வந்துவிட்டன. முதல் வாரத்திலேயே ஒரு வாடிக்கையாளர் கேட்டார்: “ஏங்க்கா, சேலைக் கடைக்குப் போய்க் கந்தல்னு பேரு வச்சிருக்கீங்க?”

அவர் கிண்டலுக்காகக் கேட்கவில்லை. `kanthal` என்பதைக் கந்தல் என்று படிப்பதுதான் முறை. துணி விற்கும் இடத்தில் அந்தச் சொல் கண்ணில் பட்டால் வேறு எந்த வாசிப்பும் மனதுக்கு வராது. `kaanthal` என்று மாற்றினால் கந்தல் போய்விடும். ஆனால் அடிபிடித்த சோற்றைக் காந்தல் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இந்தச் சொல்லைக் காதால் கேட்ட ஒருவர் எப்படியெல்லாம் தட்டச்சு செய்வார் என்று எண்ணிப் பார்த்தோம். தொடக்கம் k அல்லது g. அடுத்து a அல்லது aa. நடுவில் th, dh, d. இரண்டு, இரண்டு, மூன்று என்று பெருக்கினால் 12 வடிவம் வருகிறது. அக்கம்பக்கத்தில் வாய்வழியாக விற்பனை பரவும் தொழில் அவளுடையது. கல்யாண வீட்டில் ஒருவர் சேலையைத் தொட்டுப் பார்த்து, “எங்க எடுத்தீங்க?” என்று கேட்டால், “காந்தள்னு தேடுங்க” என்று பதில் வரும். தேடுகிறவர் சரியான வடிவத்தில் போய் நிற்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கடைசியில் `kaandhal` என்று ஐடியை மாற்றினாள். மீதமிருந்த பைகளை வீட்டில் காய்கறி வாங்கத்தான் பயன்படுத்த முடிந்தது. பழைய ஐடியை எழுதி வைத்திருந்தவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை.

இதைத் தவிர்க்க நான் எல்லாரையும் செய்யச் சொல்வது ஒரு சோதனை. மூன்று பேருக்குப் போன் செய்யுங்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் கல்லூரி மாணவர், ஒருவர் வேறு மாவட்டத்துக்காரர். வாட்ஸப்பில் எழுதி அனுப்பக் கூடாது, நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டால் சோதனையே வீண். பெயரை ஒரே ஒரு முறை வாயால் சொல்லி, அதை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் தயங்காமல் வைக்கலாம். இரண்டு வடிவம் வந்தால் இரண்டையும் பதிவு செய்து, ஒன்றில் மற்றொன்றுக்கு வழி காட்டிவிடலாம். மூன்றும் வேறாக வந்தாலோ, “எந்த ஸ்பெல்லிங்?” என்று எதிர்முனையில் கேள்வி வந்தாலோ, அந்தச் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பல முறை செய்து பார்த்ததில் சில சொற்கள் எப்போதும் தேறிவிடுகின்றன. குவளை என்றால் `kuvalai`தான், யாரும் வேறு மாதிரி அடித்து நான் பார்த்ததில்லை. புன்னையும் அப்படியே, `punnai`. முன்பனிக்கு இரண்டு வடிவம் உண்டு. எழுத்தைப் பார்ப்பவர் `munpani` என்பார், காதால் கேட்டவர் `munbani` என்பார். இரண்டையும் எடுத்துவைத்தால் போதும். கொன்றை தேறாது, `konrai`, `kondrai` என்று எழுத்திலேயே இரண்டு, பேச்சில் வரும் கொன்னை மூன்றாவது. பவழமல்லியும் தேறாது, ழகரம் எங்கே வந்தாலும் zh போடுபவர் ஒரு பக்கம், l போடுபவர் ஒரு பக்கம், வெறும் z போடுபவர் இன்னொரு பக்கம்.

தேறாத சொல்மேல் மனம் போய்விட்டால் அதைக் கடைப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேலே வரும் பெயரைத் தமிழ் எழுத்திலேயே கொடுக்கலாம், அங்கே காந்தள் காந்தளாகவே இருக்கும். ஐடி மட்டும் எளிதான வேறு சொல்லாக இருக்கட்டும்.

பூவை எடுத்துக்கொண்டு திணையை விட்டுவிடுவது

கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவன் கடலோரக்காரன், நெய்தல் என்று பெயர் வைக்க வந்தான். நீலப் பூ, கடற்கரை, கேட்கவும் மெதுவான சொல். எல்லாம் சரி. ஆனால் சங்கப் பாட்டில் ஒவ்வொரு திணைக்கும் உரிய உணர்வு ஒன்று உண்டு, அதுதான் உரிப்பொருள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பிரிந்து போனவனை நினைத்துக் கரையில் நின்று கலங்குவது. அதோடு நிற்கவில்லை, சாவு வீட்டில் அறையும் பறைக்கும் நெய்தல் என்றுதான் பெயர். புறநானூற்றின் 194ஆம் பாட்டு “ஓரில் நெய்தல் கறங்க” என்றே தொடங்குகிறது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. மணமுழவின் பக்கம் நிற்க வேண்டியவன் எதிர்வீட்டுப் பெயரை வைத்துக்கொள்ளப் பார்த்தான்.

வாடிக்கையாளரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் பழந்தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் நின்று கவனிப்பவர்கள் அதைப் படித்தவர்கள்தான். அந்தப் பெயர் யாருக்காக வைக்கப்படுகிறதோ அவர்களுக்கே அது உறுத்தினால் எதற்கு வைக்க வேண்டும்? அதே நெய்தல், மீன் விற்பவருக்கோ கடலோரத்தில் தங்கும் விடுதி நடத்துபவருக்கோ நன்றாகப் பொருந்தும், நிலமும் தொழிலும் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. கல்யாணப் படத்துக்குக் குறிஞ்சிதான் உரியது, அதன் உரிப்பொருளே தலைவனும் தலைவியும் கூடுவது.

போரையும் வெற்றியையும் பாடும் புறத்திணைகளின் பூக்களில் இன்னும் கவனம் வேண்டும். வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், காஞ்சி என்றால் தொல்காப்பியக் கணக்கில் நிலையாமை. விளையாட்டுப் பயிற்சி நடத்துபவர் வாகை வைத்தால் அருமை, அது வென்றவர் சூடும் பூ. காப்பீடு விற்பவர் காஞ்சி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாலைக்கு ஒட்டகம் போடுவது

பாலை மணல்வெளி இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு திரிந்தால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இலையுதிர்ந்த காட்டையோ பாறை வழியையோ வரையுங்கள்.

பருவச் சொல்லை இன்றைய காதால் கேட்டுப் பார்க்காதது

ஆறு பெரும்பொழுதில் கார், கூதிர் இரண்டும் பேச்சில் மங்கிப்போனவை. அதனால்தான் புதியவர்களுக்கு அவை கவர்ச்சியாகத் தெரிகின்றன. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும், முல்லை நிலத்தின் மழைக்காலம். `kaar` என்று ஐடி வைத்தால் வண்டி விற்கிறீர்களா என்று கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு உரிய கூதிர் இன்னும் ஆபத்து. கடைசி எழுத்து விட்டுப்போனாலோ, வேறு சொல்லோடு ஒட்டி நின்றாலோ, கெட்ட வார்த்தையாகிவிடும். பொதுவில் வைக்கவே கூடாத ஐடி அது. கூதிரின் குளிர்காற்றான வாடையைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. இன்றைக்கு வாடை என்றால் நாற்றம் என்றுதான் முதலில் தோன்றும். சாப்பாட்டுக் கடைக்கு அது ஆகுமா?

இளவேனிலும் முதுவேனிலும் பத்திரமானவை. பின்பனியும் அப்படித்தான்.

நீளம் பார்க்காதது

எக்ஸ் தளத்தில் ஐடிக்கு 15 எழுத்துதான். `mudhuvenilkaalam` 16. அந்த ஓர் எழுத்துக்காக அங்கே ஒரு பெயர், இன்ஸ்டாகிராமில் ஒரு பெயர் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். `mudhuvenil` 10 எழுத்து, இரண்டு இடத்திலும் உட்காரும்.

குறிஞ்சி கிடைக்கவில்லை என்று எண் சேர்ப்பது

வேண்டாம். வேறு பூவைப் பாருங்கள்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். புதியவர்கள் அந்தப் பட்டியலின் முதல் சில அடிகளோடு நின்றுவிடுகிறார்கள். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி எல்லாம் அங்கேயே வந்துவிடுவதால் அவற்றுக்குத்தான் இவ்வளவு போட்டி. கொஞ்சம் கீழே இறங்கினால் பிடவம், தளவம் போன்றவை இருக்கின்றன. இரண்டுமே முல்லை நிலத்தில் மழைக்குப் பூப்பவை. ஒவ்வொன்றையும் அந்தப் போன் சோதனையில் போட்டுப் பாருங்கள். பிடவத்தில் `pidavam` என்று பெரும்பாலும் ஒரே வடிவம்தான் வரும். தளவத்தில் th, t என்று இரண்டு வரும், இரண்டையும் எடுத்துவையுங்கள்.