கழற்றியது யார்? ஒரு குட்டிக் கதையை வைத்து அயற்கூற்று

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்று என்றால் பலரும் முதலில் மேற்கோள் குறியை அழிப்பார்கள், பிறகு ‘நான்’ வரும் இடத்திலெல்லாம் ‘அவன்’ என்று எழுதுவார்கள். முதல் வேலை சரி. இரண்டாவதுதான் கதையையே புரட்டிப் போட்டுவிடும். எப்படி என்று கீழே உள்ள கதையை வைத்துப் பார்ப்போம். மூன்று பேர், ஒரு கடிகாரம், அவ்வளவுதான்.

மேசைமேல் இருந்த கடிகாரம் ஓடவில்லை. அக்கா அதைத் தூக்கிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒரு திருகாணியைக் காணோம்.

“டேய், இந்தக் கடிகாரத்தைக் கழற்றியது நீதானா?” என்று கேட்டாள்.

“நான் அதைத் தொடவே இல்லை” என்றான் தம்பி.

“பொய் சொல்லாதே. நேற்று நீ திருப்புளியோடு இங்கே உட்கார்ந்திருந்தாய்.”

“சரி, நான்தான் கழற்றினேன். நாளை சரிசெய்துவிடுகிறேன். தாத்தாவிடம் சொல்லாதே.”

கதவோரம் நின்றிருந்த தாத்தா உள்ளே வந்தார். “நான் எல்லாவற்றையும் கேட்டேன். திருகாணியை எங்கே வைத்திருக்கிறாய்? எடுத்து வா” என்றார்.

படி 1: யார் யாரிடம் சொன்னது என்று ஓரத்தில் குறியுங்கள்

ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் ‘அக்கா → தம்பி’, ‘தம்பி → அக்கா’ என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா பேசுவது தம்பியிடம். இந்தக் குறிப்பு இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ‘நான்’, ‘நீ’ இரண்டும் யாரைக் குறிக்கின்றன என்பதை இது மட்டுமே சொல்லும்.

படி 2: ‘நான்’ என்பதைத் ‘தான்’ ஆக்குங்கள்

“நான்தான் கழற்றினேன்” என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘அவன் கழற்றியதாகத் தம்பி கூறினான்.’

மறுபடி படித்துப் பாருங்கள். தம்பி வேறு எவனையோ காட்டிக்கொடுப்பதுபோல் இல்லையா? குற்றத்தை ஒப்புக்கொண்டவன் பழி போடுகிறவனாகிவிட்டான். பேசுகிறவர் தம்மையே சொல்லும்போது தமிழில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ‘தான்’. அதன் உருபேற்ற வடிவங்கள் தன்னை, தனக்கு, தன்னுடைய. ஆக, ‘தானே கழற்றியதாகத் தம்பி ஒப்புக்கொண்டான்.’

இங்கே ஒரு சிறு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘நான்தான்’ என்பதில் இருக்கும் ‘தான்’ அழுத்தம் கொடுக்க வந்தது, ஆளைக் குறிக்க வந்ததில்லை. இரண்டையும் சேர்த்துத் ‘தான்தான்’ என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்காது. அழுத்தத்தை ஏகாரத்தில் வைத்துத் ‘தானே’ என்று எழுதிவிடலாம்.

தாத்தாவுக்கு மட்டும் ‘தான்’ வேண்டாம். மரியாதைக்கு உரியவர் என்பதால் ‘தாம்’: ‘தாம் எல்லாவற்றையும் கேட்டதாகத் தாத்தா கூறினார்.’ பலர் ‘நாங்கள்’ என்று பேசியிருந்தால் அது ‘தாங்கள்’ ஆகும்.

‘நீ’ என்பது எளிது. அது கேட்டுக்கொண்டிருந்தவர். அக்கா சொன்ன ‘நீ’ தம்பி, எனவே ‘அவன்’.

படி 3: வினைமுற்றை ‘ஆக’ என்று முடியுங்கள்

‘உட்கார்ந்திருந்தாய்’ என்பது ‘உட்கார்ந்திருந்ததாக’ ஆகும். ‘கழற்றினேன்’ ‘கழற்றியதாக’ ஆகும். ‘சரிசெய்துவிடுகிறேன்’ ‘சரிசெய்துவிடுவதாக’ ஆகும்.

கடைசி எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘சரிசெய்துவிடுவேன்’ என்று சொல்லியிருந்தாலும் இதே ‘சரிசெய்துவிடுவதாக’தான் வரும். நிகழ்காலமும் எதிர்காலமும் இங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இந்தக் கதையில் ‘நாளை’ இருப்பதால் குழப்பமில்லை. அந்த நொடியே நடக்கும் செயலைச் சொல்ல வேண்டுமானால் ‘சரிசெய்துகொண்டிருப்பதாக’ என்று விரித்து எழுதுங்கள்.

எதிர்மறையில் ‘ஆக’ அவ்வளவாக ஒத்துவராது. ‘தொடவே இல்லை’ என்பதைத் ‘தொடாததாக’ என்று மாற்றினால் இலக்கணப் பிழை ஆகிவிடாது, ஆனால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். என்னைக் கேட்டால் ‘என்று’ என்பதையே வைத்துக்கொள்ளலாம்: ‘தான் அதைத் தொடவே இல்லை என்று தம்பி மறுத்தான்.’ ‘இல்லை’ என்பது எல்லா ஆளுக்கும் பொதுவானது என்பதால் ‘தான்’ என்பதோடு இடிக்காது. ‘மாட்டேன்’ வந்தால்தான் இடிக்கும்; ‘தொட மாட்டேன்’ என்பதைத் ‘தொடப்போவதில்லை என்று’ என மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

படி 4: கேள்வியும் கட்டளையும்

கேள்வியில் வினாச்சொல் அப்படியே நிற்கும், கேள்விக்குறி போய்விடும்: ‘திருகாணியை அவன் எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்டார்.’ ஆங்கிலத்தில் இதே பயிற்சியைச் செய்து பழகியவர்கள் இங்கே ‘வைத்திருந்தான்’ என்று காலத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். தமிழில் அப்படித் தள்ளக் கூடாது. ‘எங்கே வைத்திருந்தான்’ என்றால் முன்பு எங்கே இருந்தது என்று பொருள் மாறிவிடும். தாத்தாவுக்கு வேண்டியது திருகாணி இப்போது இருக்கும் இடம்.

கட்டளைக்கு ‘மாறு’ அல்லது ‘படி’: ‘எடுத்து வருமாறு கூறினார்.’ ‘சொல்லாதே’ போன்ற விலக்குக்கு ‘வேண்டாம் என்று’: ‘தாத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான்.’

படி 5: நாளும் இடமும்

நேற்று, முந்தைய நாள் ஆகும். நாளை, மறுநாள் ஆகும். இங்கே அங்கே ஆகும், இந்த அந்த ஆகும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். சண்டை நடந்த அன்று மாலையே நீங்கள் கதையைச் சொல்கிறீர்கள் என்றால் ‘நாளை’ இன்னும் நாளைதான். அதே மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் ‘இங்கே’ என்பதையும் மாற்ற வேண்டியதில்லை.

‘டேய்’ போன்ற விளிகள் விழுந்துவிடும். அதிலிருந்த சூடு போய்விடாமல் இருக்க ‘கூறினாள்’ என்பதற்குப் பதில் அதட்டினாள், மறுத்தான், கெஞ்சினான் என்று பொருத்தமான வினையைப் போடுங்கள்.

முழுக் கதை

அந்தக் கடிகாரத்தைக் கழற்றியது அவன்தானா என்று அக்கா தம்பியிடம் கேட்டாள். தான் அதைத் தொடவே இல்லை என்று அவன் மறுத்தான். பொய் சொல்ல வேண்டாம் என்று அதட்டிய அக்கா, முந்தைய நாள் அவன் திருப்புளியோடு அங்கே உட்கார்ந்திருந்ததாகக் கூறினாள். தானே கழற்றியதாகத் தம்பி ஒப்புக்கொண்டான். மறுநாள் சரிசெய்துவிடுவதாகவும் கூறி, தாத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். தாம் எல்லாவற்றையும் கேட்டதாகக் கூறிய தாத்தா, திருகாணியை அவன் எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்டு, அதை எடுத்து வருமாறு சொன்னார்.

இப்போது சொல்கிறவரை மாற்றிப் பாருங்கள். அதே கதையைத் தம்பியே தன் நண்பனிடம் சொன்னால் அக்காவின் ‘நீ’ ‘நான்’ ஆகும், அவனுக்கு உரிய ‘தான்’ காணாமல் போகும்:

‘கடிகாரத்தைக் கழற்றியது நான்தானா என்று அக்கா கேட்டாள். நான் அதைத் தொடவே இல்லை என்று மறுத்தேன். முந்தைய நாள் நான் திருப்புளியோடு அங்கே உட்கார்ந்திருந்ததாக அவள் சொன்னாள். நானே கழற்றியதாக ஒப்புக்கொண்டேன்.’

தாத்தாவின் ‘தாம்’ மட்டும் இதிலும் மாறாது. அக்கா சொல்வதாக வைத்து மூன்றாவது முறை நீங்களே எழுதிப் பாருங்கள். அதில் ‘தான்’ திரும்ப வரும், தம்பிக்கு மட்டும்.