தாவும் ரேடியோ: கேத்தி உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து ஒரு செய்முறை

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கேத்தி பள்ளத்தாக்கில் உறைபனி இறங்கும். விடிவதற்குள் செடிக்குத் தண்ணீர் தெளிக்காவிட்டால் உருளைக்கிழங்கு இலை கருகிவிடும். அதனால் தோட்டத்தில் ஒரு வெப்பமானியும் அதனோடு ஒரு ரேடியோவும் வைத்து, 150 மீட்டர் தள்ளி வீட்டில் இன்னொரு ரேடியோவில் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார நாட்களில் ஒழுங்காக வந்தது. சனிக்கிழமை இரவானால் நின்றுவிடும். மூடுபனிதான் காரணம் என்று வெகுநாள் நம்பினேன். அது தவறு. இந்த அலைவரிசையை மூடுபனி ஒன்றும் செய்வதில்லை. பக்கத்து விடுதியில் விருந்தினர் வரும் நாட்களில் மட்டும் போடுகிற வயர்லெஸ் கேமராதான் காரணம்.

தேவையானவை: இரண்டு ஆர்டுயினோ ஊனோ, இரண்டு nRF24L01+ ரேடியோ, RF24 நிரல்தொகுப்பு. ரேடியோவை இணைத்து ஒரு செய்தி அனுப்பத் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: சத்தம் எங்கே என்று பாருங்கள்

இந்த ரேடியோவில் 0 முதல் 125 வரை சேனல்கள் உண்டு. சேனல் எண்ணோடு 2400 கூட்டினால் மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண் கிடைக்கும். RF24 உடன் வரும் `scanner` எடுத்துக்காட்டை ஓடவிட்டால் எந்தச் சேனலில் ஆள் இருக்கிறது என்று காட்டும். சனிக்கிழமை இரவு எனக்கு 61 முதல் 77 வரை நிரம்பி வழிந்தது. என் ரேடியோ இருந்தது 76-இல். நான் எதையும் மாற்றாமல் விட்டதால் நிரல்தொகுப்பு தானாக எடுத்துக்கொள்ளும் சேனல் அது.

சேனலை 30-க்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று தோன்றும். தீரும், அடுத்த வீட்டுக்காரர் வைஃபை வாங்கும் வரை. ஒரே இடத்தில் உட்காராமல் தாவிக்கொண்டே இருப்பதுதான் வழி.

படி 2: பட்டியல் போடுங்கள்

2-இல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டி 77 வரை 16 சேனல்கள் எடுத்தேன். அவற்றில் 62, 67, 72, 77 ஆகிய நான்கு மட்டும் கேமராவின் பிடியில். ரேடியோ ஒரு நேரத்தில் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே கேட்கிறது. மற்ற 12 சேனல்களில் நிற்கும்போது கேமராவின் சத்தம் அதன் வடிகட்டிக்கு வெளியே போய்விடுகிறது. முன்பு முழு இரவும் போனது. இப்போது நான்கில் ஒரு செய்தி மட்டும் தொலைந்துபோகும். வெப்பநிலை மெதுவாக மாறுவது, ஒரு செய்தி தொலைந்தால் அடுத்தது போதும்.

ஆனால் வரிசை முக்கியம். 2, 7, 12 என்று நேராகப் போனால் கெட்ட நான்கும் அடுத்தடுத்து வரும். அந்த நேரம் முழுக்க இருட்டுதான். ஏழு ஏழு இடமாகத் தாண்டிக் கலைத்துப் போடுங்கள்:

```
const byte ch[16] = {2,37,72,27,62,17,52,7,
                     42,77,32,67,22,57,12,47};
```

கெட்டவை எங்கே விழுந்திருக்கின்றன என்று விரல் வைத்துப் பாருங்கள். எந்த இரண்டும் பக்கத்தில் இல்லை. ஒரு தாவல் போனால் அடுத்தது நிச்சயம் நல்ல சேனலில்தான்.

படி 3: இருவரையும் ஒரே தாளத்தில் வைப்பது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அனுப்பும் ரேடியோ ஒவ்வொரு சேனலிலும் 50 மில்லி வினாடி நிற்கிறது. பெறும் ரேடியோ அதே நொடியில் அதே சேனலில் இருக்க வேண்டும். பட்டியல் இருவரிடமும் இருக்கிறது, ஆனால் இப்போது எத்தனையாவது இடம் என்பது தெரியாது. 1942-இல் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் காப்புரிமை பெற்ற திட்டத்தில் இதற்கு ஒரே மாதிரி துளையிட்ட காகிதச் சுருள்கள் இரண்டு இருந்தன, பியானோ கட்டைகளைப் போல 88 அதிர்வெண்களோடு. நமக்குச் சுருள் வேண்டாம், செய்தியிலேயே இட எண்ணை எழுதி அனுப்பிவிடலாம்.

தொடக்கத்தில் பெறும் ரேடியோ தாவாமல் ஒரே சேனலில் காத்திருக்கிறது. ஒரு முழுச் சுற்று 800 மில்லி வினாடி, ஆகவே ஒரு வினாடிக்குள் அனுப்புபவர் அந்த வழியாக வந்தே தீர வேண்டும். வராவிட்டால் அந்தச் சேனலே கெட்டது என்று எடுத்துக்கொண்டு பட்டியலின் அடுத்த சேனலில் போய் நிற்க வேண்டும். நான் முதலில் 72-இல் மட்டும் காத்திருக்கும்படி எழுதிவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்தேன்.

அனுப்புபவர் தன் 50 மில்லி வினாடியின் நடுவில், அதாவது 25-ஆவதில், செய்தியை விடுகிறார். கடிகாரம் முன்னே பின்னே போனாலும் இருபுறமும் இடம் இருக்கட்டும் என்பதற்காக. முதல் செய்தி கிடைத்த பிறகு பெறுபவரின் வேலை இது:

```
if (radio.available()) {
  radio.read(&p, sizeof(p));
  hop = p.hop;
  slotStart = millis() - 25;
}
if (millis() - slotStart >= 50) {
  slotStart += 50;
  hop = (hop + 1) % 16;
  radio.stopListening();
  radio.setChannel(ch[hop]);
  radio.startListening();
}
```

ஒவ்வொரு செய்தியும் கடிகாரத்தைத் திருத்திவிடுகிறது. செய்தி வராத சேனலில் பெறுபவர் காத்து நிற்பதில்லை, தன் கடிகாரத்தை நம்பி அடுத்த இடத்துக்குத் தாவிவிடுகிறார்.

`setup()` பகுதியில் இரு பக்கமும் `radio.setAutoAck(false);` போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பதில் வராதபோது ரேடியோ அதே செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்பும். 20 மில்லி வினாடி தாமதித்து வந்த செய்தியை வைத்துப் பெறுபவர் கடிகாரத்தைத் திருத்துவார், தாளம் கெடும்.

படி 4: எவ்வளவு நேரம் நம்பலாம்?

ஊனோவில் நம் நிரலை ஓட்டும் சில்லின் கடிகாரம் பீங்கான் அதிர்வியில் ஓடுகிறது. அது அரை சதவீதம் வரை பிசகக்கூடியது. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் இருந்தால் இடைவெளி ஒரு சதவீதம். நம் கையிருப்பு 25 மில்லி வினாடி. அது இரண்டரை வினாடியில், அதாவது 50 தாவல்களில் தீர்ந்துவிடும். அதனால் 32 தாவல்கள் தொடர்ந்து காலியாகப் போனால் தேடும் நிலைக்குத் திரும்பும்படி எழுதியிருக்கிறேன். குவார்ட்ஸ் படிகம் உள்ள பலகை வாங்கினால், ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினாலும் அதே 25 மில்லி வினாடி நான்கு நிமிடம் தாங்கும்.

புளூடூத்தும் இதே வேலையைத்தான் செய்கிறது. பழைய வகையில் 79 சேனல்கள், வினாடிக்கு 1600 தாவல்கள். வரிசை முதன்மைக் கருவியின் முகவரியிலிருந்தும், இடம் அதன் கடிகாரத்திலிருந்தும் கணக்கிடப்படுகிறது. கெட்ட சேனல்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிலிருந்து நீக்கவும் அதற்குத் தெரியும். நம்முடையது அந்த அளவு புத்திசாலி இல்லை.

படி 5: எது பிழை என்று கண்டுபிடிப்பது

சேனல் வாரியாக வந்த செய்திகளை எண்ணித் திரையில் காட்டுங்கள். 62, 67, 72, 77 மட்டும் பூஜ்ஜியமாக இருந்து மற்றவை நிறைந்திருந்தால் அது குறுக்கீடு, எல்லாம் சரி. 16-உம் ஒன்றாக விழுந்தால் ஒத்திசைவு போயிருக்கிறது, அல்லது ரேடியோவுக்கே மூச்சு திணறுகிறது. கேமராவின் ஆன்டெனாவை என் ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டாவது நடந்தது. சேனல் எதுவானாலும் அவ்வளவு பலமான அலை முன்பகுதியையே அடைத்துவிடும், தாவி ஓடிப் பயனில்லை. விடுதிக்காரரிடம் சொன்னதும் "நான் கொஞ்சம் தள்ளி மாட்டிவிடுகிறேன் அண்ணா" என்று கேமராவை மறுசுவருக்கு மாற்றினார். அடுத்த சனிக்கிழமை 62 முதல் 77 வரை நான்கு பூஜ்ஜியங்கள். அதிகாலை நாலரைக்கு வெப்பமானி 1 டிகிரி காட்டியது, மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.