கமென்ட் மூடியிருக்கிறதா? மூடியது யார் என்று கண்டுபிடிப்பது எப்படி

யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்கலாம் என்று கீழே இறங்கினால் `Comments are turned off` என்று ஒரே ஒரு வரி. பக்கத்தில் `Learn more`. அதைத் தட்டினாலும் பொதுவான உதவிப் பக்கம்தான் திறக்கும். இந்த வீடியோவில் ஏன் மூடினார்கள் என்பதை அது சொல்லாது.

பதிவேற்றியவரே மூடியிருந்தாலும், குழந்தைகளுக்கான வீடியோ என்று குறிக்கப்பட்டதால் மூடியிருந்தாலும், யூடியூப் நிறுவனம் மூடியிருந்தாலும் அதே வரிதான் வரும். அதனால் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதைச் சுற்றி என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும்.

படி 1: உண்மையிலேயே மூடியிருக்கிறதா?

முதலில் கோளாறு உங்கள் பக்கம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். `Restricted Mode has hidden comments for this video` என்று வந்தால் சேனல்காரருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் போனிலோ, அலுவலக வைஃபையிலோ, கல்லூரி நெட்வொர்க்கிலோ கட்டுப்பாட்டு முறை போடப்பட்டிருக்கிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறி அதே வீடியோவைத் திறந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பழைய கமென்ட்கள் எல்லாம் தெரிகின்றன, புதிதாக எழுத மட்டும் இடமில்லை என்றால் அது `Pause`. சேனல்காரர் தானே தேர்ந்தெடுத்து நிறுத்தி வைப்பது. சண்டை முற்றிய வீடியோக்களில் இதைப் பார்க்கலாம். காரணம் தெரிந்துவிட்டது, மேலே தேட வேண்டியதில்லை.

எழுதும் பெட்டி இருக்கிறது, எழுதியதும் போகிறது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை என்றால் அது வேறு கதை. படி 4-க்குப் போங்கள்.

படி 2: குழந்தைகள் செட்டிங்கா என்று பாருங்கள்

இதை முதலில் பார்ப்பதற்குக் காரணம், வெளியிலிருந்து பார்ப்பவருக்கே தடயம் கிடைக்கும் வகை இதுதான்.

அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளின் விவரங்களை இணையத்தில் சேகரிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று 1998-லிருந்து இருக்கிறது. சுருக்கமாக COPPA என்பார்கள். அதை மீறியதாக எழுந்த வழக்கில் 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் விளைவாக, 2020 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வீடியோவுக்கும் அது குழந்தைகளுக்கானதா இல்லையா என்று பதிவேற்றுபவர் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சட்டம்தானே, மதுரையில் இருக்கும் எனக்கென்ன என்று கேட்க முடியாது. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும் இதே விதிதான்.

‘ஆம்’ என்று குறித்த வீடியோவில் கமென்ட் மட்டும் போவதில்லை. வேறு சில வசதிகளும் சேர்ந்தே போய்விடும். அந்தக் கூட்டத்தைத்தான் நாம் தேட வேண்டும். கமென்ட் இருக்க வேண்டிய இடத்திலோ அதன் அருகிலோ YouTube Kids செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள் என்ற அழைப்பு இருந்தால் அது நல்ல தடயம். போனில் வீடியோவைக் கீழே இழுத்துச் சிறிய திரையாக்கும்போது இது குழந்தைகளுக்கான வீடியோ என்று சொல்லி மறுத்தால் சந்தேகமே வேண்டாம். வீடியோவின் கடைசிச் சில நொடிகளையும் பாருங்கள். இந்த வகை வீடியோக்களில் முடிவில் வரும் ‘அடுத்து இதைப் பாருங்கள்’ கட்டங்கள் இருக்காது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அந்தக் கட்டங்களை வைக்கவே சோம்பல்படும் சேனல்கள் ஏராளம்.

முழுச் சேனலையும் குழந்தைகளுக்கானது என்று குறித்திருந்தால், சப்ஸ்கிரைப் பக்கத்தில் உள்ள மணியும் வேலை செய்யாது, சேனலில் போஸ்ட்களும் இருக்காது. மேலே சொன்ன தடயங்கள் இருந்தும் மணி நன்றாக இயங்கினால், குறித்தது அந்த வீடியோவை மட்டும்தான்.

ஊகமே வேண்டாம், உறுதியாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வீடியோவின் விவரங்களை ஒரு முகவரி மூலம் கேட்டு வாங்க உதவும் கூகுளின் YouTube Data API சேவைக்கு ஒரு சாவி வாங்கி வைத்திருந்தால், யாருடைய பொது வீடியோவையும் இப்படிக் கேட்கலாம். `VIDEO_ID` என்ற இடத்தில், வீடியோ முகவரியில் `v=` என்பதற்குப் பின்னால் வரும் எழுத்துகளையும், `API_KEY` என்ற இடத்தில் உங்கள் சாவியையும் போடுங்கள்:

```
https://www.googleapis.com/youtube/v3/videos?part=status&id=VIDEO_ID&key=API_KEY
```

பதிலில் இந்த வரி வந்தால் கேள்வி முடிந்தது:

```
"madeForKids": true
```

`false` என்று வந்தால் குழந்தைகள் செட்டிங் காரணம் இல்லை. மீதி இரண்டில் ஒன்று.

படி 3: சேனலின் மற்ற வீடியோக்களைத் திறந்து பாருங்கள்

இப்போது `Videos` பக்கத்துக்குப் போய்ப் புதியது இரண்டு, நடுவில் இரண்டு, பழையது இரண்டு என்று திறந்து பாருங்கள். எது மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்ற வரிசையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஒன்றிரண்டு மட்டும் மூடியிருந்து, அவை சர்ச்சையான தலைப்பாகவோ விளம்பரமாகவோ இருந்தால் பதிவேற்றியவரே மூடியிருப்பார். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வந்தவை எல்லாம் மூடி, அதற்கு முந்தையவை திறந்திருந்தாலும் அவர் கைவேலைதான். சேனல்காரர் தன் சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவில் கமென்டுக்கான இயல்புநிலையை மாற்றினால், அது இனி ஏற்றும் வீடியோக்களுக்குத்தான் பொருந்தும், பழையவற்றைத் தொடாது. அதனால்தான் இப்படித் தேதி வாரியாகக் கோடு கிழித்த மாதிரி இருக்கும். தன் சேனலில் இதை மாற்றியதையே மறந்துவிட்டு, யூடியூப் தன்னைத் தண்டித்துவிட்டதாகப் புலம்புகிறவர்கள் உண்டு.

மூன்றாவது வடிவம்தான் கொஞ்சம் நுட்பமானது. பெரியவர்கள் பேசும் வீடியோக்கள் திறந்திருக்கும், சிறுவர் சிறுமியர் முகம் தெரியும் வீடியோக்கள் மட்டும் மூடியிருக்கும். அல்லது குழந்தைகளையே மையமாக வைத்த குடும்பச் சேனலில் எல்லாமே மூடியிருக்கும். 2019 பிப்ரவரியில், குழந்தைகள் தோன்றும் வீடியோக்களின் கீழே சிலர் வக்கிரமாக எழுதுவது வெளியே வந்து, பெரிய விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கினார்கள். அந்த மாதக் கடைசியில் அப்படிப்பட்ட கோடிக்கணக்கான வீடியோக்களில் யூடியூபே கமென்டை நிறுத்தியது. அந்தக் கொள்கை இன்றும் நடப்பில் இருக்கிறது.

படி 2-இல் சொன்னதையும் இதையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அது பார்ப்பவர் குழந்தை என்பதால் வருவது. இது படத்தில் இருப்பவர் குழந்தை என்பதால் வருவது. பெரியவர்களுக்காகவே எடுத்த பள்ளி ஆண்டுவிழா வீடியோவிலும் இது வரலாம். அங்கே `madeForKids` என்பது `false` என்றே இருக்கும், சேனல் மணியும் வேலை செய்யும், கமென்ட் மட்டும் இருக்காது.

வெளியிலிருந்து பார்ப்பவர் எட்டக்கூடிய எல்லை இதுதான். பதிவேற்றியவர் மூடியதா, யூடியூப் மூடியதா என்பதை இந்த வரிசையை வைத்து ஊகிக்கலாமே தவிர, அறுதியிட்டுச் சொல்ல ஸ்டூடியோவுக்குள் போக வேண்டும்.

படி 4: மூடவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள்

சில சேனல்களில் எல்லா கமென்டையும் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுவார்கள். ஸ்டூடியோவில் அதன் பெயர் `Hold all`. இதில் பெட்டி திறந்தே இருக்கும். நீங்கள் எழுதியது உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

சோதிப்பது சுலபம். லிங்க் எதுவும் இல்லாமல் சாதாரணமாக ஒரு வரி எழுதுங்கள். பிறகு இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே வீடியோவைத் திறந்து, `Newest first` என்று வரிசை மாற்றித் தேடுங்கள். இல்லையென்றால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். ஒரு முறை காணவில்லை என்பதற்காகச் சேனல் முழுக்க அப்படி என்று முடிவுகட்ட வேண்டாம், யூடியூபின் குப்பை வடிகட்டியும் சில கமென்டைப் பிடித்து வைக்கும். அதே சேனலின் வேறு வீடியோவிலும் எழுதிப் பாருங்கள். அங்கும் காணாமல் போய், நிறையப் பேர் பார்த்த வீடியோவிலும் விரல்விட்டு எண்ணும் கமென்ட்களே இருந்தால் `Hold all` என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: உங்கள் சொந்தச் சேனல் என்றால்

ஒரு சிலம்பம் ஆசானின் சேனலை எடுத்துக்கொள்வோம். மூன்று வீடியோக்களில் கமென்ட் இல்லை என்று புகார். முதலாவது, ‘சிறுவர்களுக்கு எளிய சிலம்பப் பாடம்’. இரண்டாவது, மாணவர்கள் போட்டியில் சுற்றும் காட்சி. மூன்றாவது, கம்பு தேர்ந்தெடுப்பது பற்றி அவர் மட்டும் பேசுவது.

ஸ்டூடியோவில் `Content` பக்கத்தைத் திறந்து `Restrictions` என்ற பத்தியைப் பாருங்கள். பாட வீடியோவின் நேரே `Made for kids` என்று இருக்கிறது. வீடியோவைத் திறந்து `Details` பக்கத்தில் `Audience` பகுதிக்குப் போனால், குறித்தது அவரா யூடியூபா என்று தெரியும். அவரே குறித்திருந்தால், உண்மையில் யாருக்காக எடுத்தது என்று யோசித்து மாற்றலாம். யூடியூப் குறித்திருந்தால் அவரால் மாற்ற முடியாது, மேல்முறையீடுதான் வழி. கமென்ட் வேண்டும் என்பதற்காகப் பொய்யாக ‘இல்லை’ என்று குறிப்பது வினையை விலைகொடுத்து வாங்குவது.

போட்டி வீடியோவில் `Restrictions` பத்தியில் குழந்தைகள் குறி இல்லை. `Details` பக்கத்தில் `Show more` அழுத்திக் கடைசி வரை இறங்கினால் கமென்ட் செட்டிங் இருக்கும். அதை அவர் தொட்டதே இல்லை, திறக்கப் போனாலும் திறக்க முடியவில்லை. வீடியோ `Private` ஆகவும் இல்லை. (தனிப்பட்ட வீடியோவில் எப்போதுமே கமென்ட் கிடையாது, அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.) அப்படியானால் சிறுவர்கள் தோன்றுவதால் யூடியூப் மூடியது.

கம்பு வீடியோவில் அதே இடத்தில் `On` என்றுதான் இருக்கிறது. ஆனால் அதன் கீழே `Hold all`. இடது பக்கத்தில் `Comments` அல்லது `Community` என்று இருப்பதைத் திறந்து, `Held for review` வடிகட்டியைப் போட்டால், ‘மூங்கில் கம்பு எங்கே கிடைக்கும்’, ‘எத்தனை அடி வாங்க வேண்டும்’ என்று கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. அங்கேயே அனுமதி கொடுத்தால் வெளியே வந்துவிடும். இனி வருபவை தேங்காமல் இருக்க, `Settings` திறந்து சேனலின் கமென்ட் இயல்புநிலையை `Basic` என்று மாற்றி, இந்த வீடியோவின் செட்டிங்கையும் தனியாக மாற்ற வேண்டும். நிறுத்தி வைத்த கமென்ட்கள் அந்தப் பட்டியலில் 60 நாள் வரைதான் இருக்கும், அதனால் ஆசான் இன்றே உட்கார்ந்து பழையதிலிருந்து பார்க்கத் தொடங்குவது நல்லது.